மல்லிப்பூ கம்பெனி சிஇஓ மாப்ளைக்கு

வா மாப்ள, உக்காரு. போர்டு மீட்டிங்ல ஒனக்குப் பதினஞ்சு நிமிசம். நாப்பது ஸ்லைடு போட்டு வச்சிருக்கியாமே! மாட்டுத்தாவணியில பூ வெல கூவுறவன்கூட அம்புட்டு வெரசாப் பேச மாட்டாம்ப்பா. மொத ஸ்லைடுல என்னா? 2013-ல மதுரை மல்லிக்குப் புவிசார் குறியீடு கெடச்ச கதை. டைரக்டரு அம்புட்டுப் பேரும் மல்லி போட்ட சம்சாரிக. மல்லி மணக்கும்னு எங்களுக்கே சொல்லப் போறியாக்கும்?

ஒனக்கு வேண்டியது ஒண்ணே ஒண்ணு: பூவை நிறுத்த அன்னைக்கே உறுப்பினர் கையில காசு. அது இல்லாமத்தானே அவிங்க கமிஷன் கடையில முன்பணம் வாங்கிப்புட்டு, பூவையும் அங்கேயே கொண்டுபோய்க் கொட்டுறாய்ங்க? மொத வார்த்தையிலயே கேளு: "அஞ்சு லட்சம் ஓ.டி. வாங்கத் தீர்மானம் வேணும்." கூடவே ஆபீசுக்கு ஏசியும்னு இழுத்துறாத. ஏசியைப் பத்தியே பேசி, டீயும் வடையும் முடிச்சுட்டு எந்திரிச்சுருவோம். கடனை அடுத்த கூட்டத்துல பாப்போம்பாரு தலைவரு.

அஞ்சு லட்சம் ஏன்னு கேட்டா முழிக்காத. ஒரு நாளைக்கு 300 கிலோ, கிலோ 200 ரூவான்னு வையி, 60,000 ஆச்சு. வாங்குறவன் ஏழு நாள் கழிச்சுத்தான் பணம் தர்றான். ஆக, 4,20,000 வெளியில நிக்கும். மிச்சம் கைக்காவல். இதை ஒரே தாள்ல எழுதி, நோட்டீசோட ஏழு நாளைக்கு முன்னாடியே அனுப்பிரு. படிக்க மாட்டோம், ஆனா படிச்ச மாதிரி வருவோம்.

அப்பறம் ஒரு பெருசு கேக்கும்: "தை மாசம் கிலோ ரெண்டாயிரம் போனா ஒன் அஞ்சு லட்சம் எந்த மூலைக்கு?" பனிக்காலத்துல வெல ஏறுறதே பூ இல்லாததாலதான மாப்ள! வரத்து 20 கிலோதான்னா, ஏழு நாளைக்கு 2,80,000 போதும். சிக்கல் அங்க இல்ல. பூவும் நெறைய இருந்து, முகூர்த்தமும் சேந்து வெல 400-க்குப் போச்சுன்னு வையி, 8,40,000 வேணும். அன்னைக்கு, மூணு நாள்ல பணம் தர்றவனுக்கு மட்டுந்தான் பூவுன்னு சொல்லு, 3,60,000-ல முடிஞ்சுரும். இதை நாங்க கேக்குறதுக்கு முந்தி நீயே சொல்லிட்டா, கேக்க நெனச்சவரு மொகத்தைப் பாக்கணும்!

"வாங்குறவன் கைய விரிச்சா?"ன்னும் வரும். எட்டாம் நாள் பணம் வரலைன்னா ஒம்பதாம் நாள் பூ கெடையாதுன்னு தீர்மானத்துலயே எழுதிரு. பெறகு ஒனக்கும் தாட்சணியம் பாக்குற வேல மிச்சம்.

அஞ்சு நிமிசத்துல பேச்ச முடி. பத்து நிமிசம் எங்களுக்கு விடு. வட்டி அதிகம்போம், பேங்க் தூரம்போம், காலம் கெட்டுப்போச்சும்போம். ஒண்ணையும் நம்பாத. எங்க வயித்துல புளியக் கரைக்கிறது வேற: ஜாமீன் கையெழுத்துன்னு நம்ம பத்திரத்தைக் கேட்டுருவாகளோ? அதை மட்டும் ஒருத்தரும் வாயத் தொறந்து கேக்க மாட்டோம். நாளைக்கே பேங்க் மேனேஜரப் பாத்து, டைரக்டர் ஜாமீன் வேணுமா வேணாமான்னு எழுத்துல வாங்கிட்டு வந்துரு. வேணும்னு எழுதிக் குடுத்தாகன்னா, கூட்டத்துக்கு முன்னாடி எனக்கு ஒரு போனப் போடு. எனக்கு அன்னைக்குன்னு பாத்து முட்டி வலி வந்துரும்.