வாரம் ஒரு கிரிவலம்

டொரண்டோ,
புரட்டாசிக் கடைசி.

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் ரத்தப் பரிசோதனைத் தாளை அப்பா போட்டோ எடுத்து அனுப்பியிருந்தார். மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி 6.3. “டாக்டர் ஒண்ணும் இல்லைன்னுட்டார்” என்று நீ போனில் சொன்னாய். அப்பாவிடம் விசாரித்தேன். டாக்டர் சொன்னது, “இப்போதைக்கு மாத்திரை வேண்டாம், தினம் நடங்க” என்பதாம். முதல் பாதி காதில் விழுந்ததுமே நீ பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாயாம். 5.7 முதல் 6.4 வரை சர்க்கரை நோயின் திண்ணை, அம்மா. 6.5 ஆனால் வீட்டுக்குள் போய்விட்டோம் என்று அர்த்தம். திண்ணையிலிருந்து தெருவில் இறங்கச் சொல்லித்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால், “அடுப்புல பால் வெச்சிருக்கேன்” என்று வைத்துவிடுகிறாய்.

உன் பதில் எனக்குத் தெரியும். “காலையிலேர்ந்து ராத்திரி வரைக்கும் வீட்டுக்குள்ள நடந்துண்டுதானே இருக்கேன்!” உண்மை. ஆனால் அடுப்படிக்கும் பூஜையறைக்கும் நடுவில் நீ நடப்பது பத்துப் பன்னிரண்டு அடி, அப்புறம் நின்றுவிடுகிறாய். உட்கார்ந்தே இருப்பதற்கு அது எவ்வளவோ மேல். ஆனால் மூச்சு கொஞ்சம் வேகமாக வேண்டும். அந்த வேலையைச் சமையலறை செய்யாது.

பத்தாயிரம் அடி கதையையும் மறந்துவிடு. மாடி வீட்டு மாமி கையில் கட்டியிருக்கும் கடிகாரம் கேட்கும் அந்த எண்ணை எந்த மருத்துவரும் கண்டுபிடிக்கவில்லை. 1965 வாக்கில் ஜப்பானில் ஒரு கம்பெனி, அடியை எண்ணும் கருவியை விற்க வைத்த பெயரிலிருந்து வந்தது அது. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்வது வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிஷ மிதமான உழைப்பு. வாரத்துக்கு என்பதைக் கவனி. தினக் கணக்கு உனக்கு ஒத்துவராது. திங்களன்று வேலைக்காரம்மா வரமாட்டாள், வெள்ளியன்று பூஜை, நடுவில் ஒரு நாள் யாராவது ஊரிலிருந்து வந்து இறங்குவார்கள். தினக் கணக்கு ஒரு நாள் தவறினால், “அதான் போச்சே” என்று அதோடு விட்டுவிடுவாய். வாரக் கணக்கில் செவ்வாயின் குறையைப் புதன் அடைத்துவிடும்.

இன்னொரு முடிவையும் யோசித்துத்தான் எடுத்தேன். நிமிஷத்தை எண்ணாதே, தூரத்தை எண்ணு. ஏனென்றால் எனக்கு உன்னைத் தெரியும். அரை மணி நேரம் என்று வைத்தால், மேல வீதி முனையில் பூக்காரம்மாவிடம் நின்று பேசும் இருபது நிமிஷமும் நடையில் சேர்ந்துவிடும். தூரத்தை நின்றுகொண்டே கடக்க முடியாது.

எவ்வளவு தூரம்? போன சித்ரா பௌர்ணமிக்குத் திருவண்ணாமலையில் மலையைச் சுற்றினாயே, அது 14 கிலோமீட்டர். ஒரே ராத்திரியில் சுற்றிவிட்டு ஒரு வாரம் தைலம் தேய்த்துக்கொண்டாய். அதே 14 கிலோமீட்டரை ஒரு வாரத்துக்குப் பிரித்துவிடு. தைலச் செலவு மிச்சம். மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் நடந்தால் அது 168 நிமிஷம். உலக சுகாதார நிறுவனமும் திருப்தி, அண்ணாமலையாரும் திருப்தி.

ஆனால் முதல் வாரமே 14 கேட்கவில்லை. 7 போதும், அரை கிரிவலம். வாரத்துக்கு 1 கிலோமீட்டர் கூட்டினால் எட்டாவது வாரம் முழுதாகச் சுற்றிவிடுவாய், மார்கழியும் வந்துவிடும். முதல் வாரத்துக்கு நானே பிரித்துவிட்டேன்: திங்கள் ஓய்வு, செவ்வாய் ஒன்றரை, புதன் ஒன்று, வியாழன் இரண்டு, வெள்ளி பூஜை, சனி ஒன்றரை, ஞாயிறு ஒன்று. கூட்டிப் பார், ஏழு. நாள்களை மாற்றிக்கொள். ஆனால் எல்லாவற்றையும் ஞாயிற்றுக்கிழமைக்குச் சேர்த்துவைத்து ஒரே நடையில் தீர்க்கக் கூடாது. ஒரு வாரம் கூடுதலாக நடந்தால் அதை அடுத்த வாரத்துக்கு வரவு வைக்கவும் கூடாது.

எங்கே நடப்பது? பெரிய கோயில் இருக்கும்போது என்ன கவலை! மதில் சுற்று நீளவாக்கில் சுமார் 240 மீட்டர், அகலவாக்கில் 120. அதை ஒட்டி ஒரு சுற்று வந்தால் 700 மீட்டர் சொச்சம். மூன்று சுற்றில் 2 கிலோமீட்டர். நீ சன்னதிக்குச் சன்னதி குறுக்கே புகுந்தால் அந்தக் கணக்கு குறையும். கும்பிடுவதை முதலில் முடித்துக்கொள், நடையை அப்புறம் ஆரம்பி. ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டால் திருச்சுற்று மாளிகைக்குள் நட. ராஜராஜன் சொல்லி அவன் சேனாபதி கிருஷ்ணன் ராமன் கட்டியது அது. ஆயிரம் வருஷமாக நிற்கும்போது, “மழை, அதான் போகலை” என்று எனக்கு எழுதாதே.

கோயிலுக்குள் வெறுங்கால், முழங்கால் கல் தரையைப் பொறுக்கிறதா என்று பார்த்துக்கொள். மற்ற நாள்களில் தெருவில் ரப்பர் செருப்பு வேண்டாம், ஷூ வாங்கு. சாயங்காலம் போய் வாங்கு. அப்போதுதான் கால் சற்று வீங்கியிருக்கும். பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். புடவைக்கு ஷூவா என்று யாராவது சிரித்தால் சிரிக்கட்டும், முழங்கால் உன்னுடையது. அந்த முழங்காலுக்கு ஒரு கணக்கு உண்டு. நடந்து முடித்து இரண்டு மணி நேரம் கழித்தும் வழக்கத்தைவிட அதிகமாக வலித்தால், அன்று அதிகம் நடந்துவிட்டாய். அடுத்த நாள் பாதியாக்கு, விட்டுவிடாதே. நெஞ்சில் அழுத்தமோ தலைசுற்றலோ வந்தால் அங்கேயே உட்கார், அப்பாவைக் கூப்பிடு, டாக்டரைப் பார். அதில் விளையாட்டில்லை.

வேகம் சரியா என்று பார்க்கக் கருவி வேண்டாம். நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. பஜனைக் கோஷ்டியோடு நடந்து, அத்தனை பேரும் சுருதி பிசகாமல் பாடிக்கொண்டு வந்தீர்களானால், அது நடை இல்லை, ஊர்வலம். அதே சமயம், எதிர்வீட்டு மாமி மருமகளைப் பற்றிச் சொல்வதற்கு உன்னால் பதிலே சொல்ல முடியவில்லை என்றால் அது ஓட்டம். சொல்ல முடிந்தும் சொல்லாமல் நடந்தால் அது தவம். அவ்வளவு தூரம் நான் எதிர்பார்க்கவில்லை.

தூரத்தை அளக்கக் கைபேசியை நம்பினால் அது உன்னோடு வர வேண்டும். சார்ஜில் போட்டுவிட்டுப் போனால் அது பூஜ்யம் காட்டும். அப்பா சட்டைப்பையில் போனால் டீக்கடைக்குப் போய் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேப்பர் படித்துத் திரும்பியதைக் காட்டும். அவர் அதைத்தான் வாக்கிங் என்கிறார்.

உன் காலை 6 மணி எனக்கு முந்தின நாள் இரவு எட்டரை. சாப்பிட்டு முடித்து விழித்துத்தான் இருப்பேன். வரும் செவ்வாயன்று ஆரம்பி. ஞாயிறு ராத்திரி காரணம், வானிலை, விருந்தாளி எதுவும் வேண்டாம். எத்தனை கிலோமீட்டர் என்ற ஒரே ஒரு எண்ணை மட்டும் அனுப்பு. மூன்று மாதம் கழித்து ரத்தத்தை மறுபடி பரிசோதி. அந்த எண்ணையும் அனுப்பு, ஆனால் இந்தத் தடவை டாக்டர் பேசி முடிக்கும்வரை உட்கார்ந்து கேட்டுவிட்டு வா.

அன்புடன்,
உன் மகள்