நடுவில் என்ன பெயர் போடுவது?

மலேசியாவின் ஜார்ஜ்டவுனில் ஆட்டோ கிடையாது, பெச்சாதான். அதில் பயணி முன்னால் உட்காருவார், மிதிப்பவர் பின்னால் இருப்பார். எதிரே வரும் லாரியை முதலில் சந்திக்கும் பாக்கியம் காசு கொடுத்தவருக்கே. இப்படிப்பட்ட ஊரில், லெபோ பாசார் தேநீர்க் கடையில், ஆட்டோ ஓட்டுநர் கூட்டுறவுக்கு என்ன பெயர் வைப்பது என்று ஒரு மாலை முழுக்கச் சர்ச்சை நடந்தது. காரணம், இந்தக் கட்டுரையாளரின் மைத்துனர். சென்னையில் ஆட்டோ ஓட்டும் அவர் போனில் கேட்டார்: "நாங்க பத்து இருபது பேரு சேர்ந்து சங்கம் ஆரம்பிக்கிறோம். எழுதுற ஆளாச்சே மாமா, நல்ல பேரா ஒண்ணு சொல்லுங்க."

எழுதுகிறவருக்கு ஒன்றும் தோன்றவில்லை. கேள்வி அடுத்த மேசைக்குப் போனது.

"மின்னல்" என்றார் ஒருவர். "மின்னல்னு எழுதின வண்டியில எங்கம்மா ஏறமாட்டாங்க" என்று மற்றவர் தள்ளினார். தலைவர் பெயர் வைக்கலாம் என்றார் மூன்றாமவர். எந்தத் தலைவர் என்பதில் அரை மணி நேரம் போனது, தே தாரேக் ஆறியது. சாமி பெயர் வந்தபோது கடைக்காரர் பில்லைக் கொண்டுவந்து வைத்தார்.

தலைவர் பெயரில் உள்ள சிக்கலைக் கொச்சிக்காரர்கள் நன்றாக அறிவார்கள். அங்கே ஆட்டோ ஓட்டுநர்கள் சிஐடியு, ஐஎன்டியுசி, பிஎம்எஸ் என்று கட்சிக்கொரு சங்கமாகப் பிரிந்திருந்தார்கள். மெட்ரோ நிலையங்களுக்கு இணைப்பு வண்டி ஓட்டும் வேலை வந்தபோது எல்லோரும் ஒரே கூட்டுறவின் கீழ் வந்தார்கள். அதற்கு வைத்த பெயர், எறணாகுளம் மாவட்ட ஆட்டோரிக்‌ஷா ஓட்டுநர் கூட்டுறவுச் சங்கம். தூங்கி விழவைக்கும் பெயர்தான். ஆனால் அதில் மறுப்பதற்கு யாருக்கும் எதுவுமில்லை: செங்கொடியும் இல்லை, காவியும் இல்லை, மாவட்டமும் தொழிலும் மட்டும். விரோதிகளை ஒரே பெஞ்சில் உட்கார வைக்க இப்படிச் சப்பென்ற பெயர்தான் தோதானது என்பது கட்டுரையாளரின் கருத்து.

ஆனால் மழையில் நனைந்தபடி நிற்கும் பயணி அந்தப் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் மழை விட்டுவிடும். அதனால் அவர்களுடைய செயலிக்கு வேறு பெயர்: ஔசா, அதாவது ஆட்டோ சவாரி. பதிவேட்டுக்கு ஒன்று, தெருவுக்கு ஒன்று. டெல்லியிலும் இதே கதைதான். 2025இல் பதிவான சஹகார் டாக்ஸி கூட்டுறவு நிறுவனம் பயணிக்கு முன் 'பாரத் டாக்ஸி'யாக வந்து நிற்கிறது.

பெங்களூரின் 'நம்ம யாத்ரி' கூட்டுறவு அல்ல. ஆட்டோ ஓட்டுநர் சங்கத்தின் ஆதரவோடு 2022 நவம்பரில் வந்த செயலி அது. சவாரிக்குச் சவாரி கமிஷன் பிடிக்காமல், பிறகு நாளுக்கு 25 ரூபாய் போன்ற சிறு கட்டணத்துக்கு வந்தது. அதன் 'நம்ம' மட்டும் கெட்டிக்காரச் சொல். கன்னடத்திலும் தமிழிலும் ஒன்றேயானதால், சென்னைக்கு வந்தபோது பெயர்ப் பலகையை மாற்ற வேண்டியிருக்கவில்லை. கொல்கத்தாவில் அது பலிக்காது. அங்கே அது 'யாத்ரி சாத்தி'.

மைத்துனர் மலேசியாவில் பதிவு செய்தால் பாதி வேலை மிச்சம். இங்கே கூட்டுறவின் பெயர் 'கோப்பராசி' என்று தொடங்கி 'பெர்ஹாட்' என்று முடிய வேண்டும். நடுவில் மட்டும்தான் கற்பனைக்கு இடம். அந்த நடுவில் நோக்கத்தையே எழுதிவிடலாம். 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் தோட்டத் தொழிலாளிகளிடம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்தபோது வைத்த பெயர் தேசிய நிலநிதி கூட்டுறவுச் சங்கம். காசு நிலம் வாங்கத்தான் என்று பெயரே சொல்லிவிட்டது. கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டத்தை வாங்கியும் காட்டினார்கள்.

பயணியின் நம்பிக்கைக்கு வேறொரு கணக்கு உண்டு. தனி வண்டியில் கூடுதலாகக் காசு பிடுங்கப்பட்டவர் அந்த ஓட்டுநரைத் திட்டுவார். நூறு வண்டியில் ஒரே பெயர் இருந்தால், ஒருவர் மீட்டரை மறைத்ததற்கு மற்ற தொண்ணூற்றொன்பது பேரும் திட்டு வாங்குவார்கள். அப்புறம் அவர்களே அந்த ஒருவரைத் தேடிப் போவார்கள். பெயர் உறுப்பினர்களைக் கட்டுவதும் பயணிக்கு உத்தரவாதம் ஆவதும் இந்த இடத்தில்தான். ஆனால் யாரிடம் முறையிடுவது என்று தெரியாவிட்டால் அந்தத் திட்டு காற்றோடு போய்விடும்.

ஆகவே மைத்துனருக்குப் போன பதில் இது: பதிவுக்கு வட்டாரத்தின் பெயரையும் தொழிலையும் எழுதுங்கள். தெருவுக்கு இரண்டு சொல்லுக்கு மேல் வேண்டாம், பஸ் ஹாரனுக்கு நடுவே போனில் ஒரே தடவையில் புரிய வேண்டும். அதன் கீழே புகார் எண்ணை அதே அளவு எழுத்தில் போடுங்கள், அடிக்கிற போனை யாராவது எடுங்கள். மின்னல் வேண்டவே வேண்டாம்.