‘எல்லாரும்’ என்பது எத்தனை பேர்? தண்ணீர்த் தொட்டி அறிவிப்பு ஒன்றை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட மூலச்சுவடி, லிஃப்ட் கதவுக்குப் பக்கத்தில் செல்லோடேப்பால் ஒட்டப்பட்டிருந்த ஒரு தாள். பழைய மின்கட்டண ரசீதின் பின்பக்கத்தில் நீல நிறப் பந்துமுனைப் பேனாவால் எழுதியது. வலது மேல்மூலை கிழிந்திருந்தாலும் பாடபேதம் எதுவும் இல்லை. எழுதியவர் குடியிருப்பின் செக்ரட்டரி என்பதற்கு அவருடைய கையெழுத்தே அகச்சான்று. அறிவிப்பு மூன்றே வாக்கியம்:

“தொட்டி கழுவுவதால் சனிக்கிழமை எல்லா வீட்டுக்கும் தண்ணீர் வராது. மூன்றாம் மாடி தவிர மற்ற வீடுகளும் வெள்ளிக்கிழமையே பிடித்து வைத்துக்கொள்ளவும். கைக்குழந்தை உள்ள வீடுகள், வயதானவர்கள் மட்டும் கீழ்க்குழாயில் இரண்டு குடம் எடுக்கலாம்.”

களத்தைப் பற்றிச் சில விவரங்கள். கீழே கார் நிறுத்துமிடம், மேலே மூன்று மாடி, மாடிக்கு நான்கு வீடு. ஆக 12 வீடுகள். முதல் மாடியில் 1 முதல் 4, இரண்டாம் மாடியில் 5 முதல் 8, மூன்றாம் மாடியில் 9 முதல் 12. சனிக்கிழமை காலை ஒன்பதாம் எண் வீட்டுக்காரர் தலையில் ஷாம்பூ நுரையோடு வாசல்வரை வந்து, செக்ரட்டரியின் பெயரை மாடிப்படி வழியாக உரக்கக் கூப்பிட்டார். அந்தக் கூப்பாடுதான் இந்த ஆய்வின் தொடக்கம்.

முதல் வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். ‘எல்லா வீட்டுக்கும் தண்ணீர் வராது’ என்றால், ஒரு வீட்டுக்கும் வராது என்பது ஒரு பொருள். எல்லா வீட்டுக்கும் வராது, சில வீட்டுக்கு வரும் என்பது இன்னொன்று. வாயால் சொல்லும்போது ‘எல்லா’வை அழுத்தினால் இரண்டாவது, ‘வராது’வை அழுத்தினால் முதலாவது. தாளில் அழுத்தம் விழாது.

இந்தக் கோளாறு செக்ரட்டரியோடு பிறந்ததல்ல. ‘உம்’ என்ற இடைச்சொல்லுக்குத் தொல்காப்பியம் எட்டுப் பொருள் சொல்கிறது. அவற்றில் இரண்டு முற்றும் எச்சமும். ‘எல்லாரும் வந்தார்கள்’ என்பதில் யாரும் மிச்சமில்லை, அது முற்றும்மை. ‘முருகனும் வந்தான்’ என்றால் வேறு யாரோ வந்திருக்கிறார்கள் என்ற மிச்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது, அது எச்சவும்மை. முற்றும்மை சில இடங்களில் எச்சமாகவும் மாறும் என்று அதே நூல் இடையியலில் சொல்லிவைத்திருக்கிறது. உரையாசிரியர்கள் காட்டும் உதாரணத்தை இன்றைய பேச்சில் சொன்னால், ‘பத்தும் கொடுக்காதே’. கேட்பவன் கையை முழுக்க மூடிக்கொள்ள வேண்டியதில்லை, சிலவற்றைக் கொடு, சிலவற்றை வைத்துக்கொள் என்பதும் அதற்குள் இருக்கிறது. கவனிக்க வேண்டியது, எதிர்மறை சேர்ந்ததும்தான் முற்று உடைகிறது. ‘பத்தும் கொடு’ என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. ‘எல்லா வீட்டுக்கும் தண்ணீர் வரும்’ என்று எழுதியிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை. ‘வராது’தான் வினை.

சோதிக்க ஒரு வழி உண்டு. ‘எல்லா’ இருக்கும் இடத்தில் ‘எந்த’வைப் போட்டுப் பார்ப்பது. ‘எந்த வீட்டுக்கும் தண்ணீர் வராது’ என்பதற்கு ஒரே பொருள்தான். எழுதியவர் நினைத்தது அதுவானால் ‘எந்த’வை அப்படியே விட்டுவிடலாம். இல்லையென்றால் ‘சில வீடுகளுக்கு வராது’ என்று எழுதி, எந்தெந்த வீடு என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இரண்டாம் வாக்கியத்தில்தான் ஷாம்பூ இருக்கிறது. ‘தவிர’ என்ற சொல், பார்த்தால் விலக்கும் சொல்லாகத் தெரியும். ஆனால் அது சேர்க்கவும் செய்யும். ‘ஞாயிறு தவிர எல்லா நாளும் கடை உண்டு’ என்றால் ஞாயிறு வெளியே. ‘ஞாயிறு தவிர சனியும் விடுமுறை’ என்றால் ஞாயிறு உள்ளே, சனி அதன் பக்கத்தில். ஒரே சொல் ஒரு கையால் கதவைச் சாத்திவிட்டு மறு கையால் பந்தியில் இலை போடுகிறது. எது எப்போது என்பதைத் ‘தவிர’வை முறைத்துப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, அதற்குப் பின்னால் வருவதைப் பார்க்க வேண்டும். பின்னால் ‘எல்லாம்’, ‘யாரும் இல்லை’, ‘எதுவும் கூடாது’ போன்ற முழுமைச் சொல் வந்தால் அது விலக்கு. பின்னால் எச்சவும்மை ஏறிய பெயர் வந்தால் (‘சனியும்’, ‘பான் அட்டையும்’) அது சேர்ப்பு. இரண்டும் இல்லாமல் மொட்டையாக வந்தால் ஆபத்து. ‘ஆதார் தவிர வேறு ஒரு சான்று கொண்டுவரவும்’ என்று கவுன்டரில் எழுதியிருந்தால், ஆதாரை எடுத்துப் போவதா வீட்டில் வைத்துவிட்டுப் போவதா? விவரம் தெரிந்தவர்கள் இரண்டையும் பையில் போட்டுக்கொண்டுதான் வரிசையில் நிற்பார்கள்.

இப்போது செக்ரட்டரியின் வரி: ‘மூன்றாம் மாடி தவிர மற்ற வீடுகளும்’. இங்கே ‘மற்ற வீடுகளும்’ என்பதிலுள்ள உம்மை முற்றா, எச்சமா? முற்று என்று கொண்டால், 1 முதல் 8 வரை பிடித்து வைக்க வேண்டும், 9 முதல் 12 வரை கவலையில்லை. எச்சம் என்று கொண்டால், மூன்றாம் மாடி பிடித்து வைப்பது பேசி முடிந்த விஷயம், கூடவே மற்றவர்களும் பிடிக்க வேண்டும்.

ஒன்பதாம் எண் வீட்டுக்காரரை யாரும் அவசரக்காரர் என்று சொல்லிவிடக் கூடாது. அவர் படித்த முறையில் முரண்பாடே கிடையாது. முதல் வாக்கியம்: எல்லா வீட்டுக்கும் வராது, அதாவது சில வீட்டுக்கு வரும். இரண்டாம் வாக்கியம்: அந்தச் சில வீடுகள் மூன்றாம் மாடி. மொட்டைமாடிக்குப் பக்கத்தில் இருப்பதால் மூன்றாம் மாடிக்குத் தனித் தொட்டி ஏதோ இருக்கிறது என்று ஒரு காரணத்தையும் அவரே கட்டிக்கொண்டார். முதல் தவறான படிப்பு இரண்டாம் தவறான படிப்புக்கு முட்டுக்கொடுத்தது. இரண்டு வாக்கியமும் பொருந்திவந்தால் படித்தவர் சந்தேகப்படுவதில்லை. அவர் அடுத்து குளியலறைக்குத்தான் போவார்.

விசாரணையில் வெளிவந்தது வேறு கதை. தண்ணீர் குறையும் நாட்களில் முதலில் காய்வது மூன்றாம் மாடிதான் என்பதால், வியாழக்கிழமை மாலையே செக்ரட்டரி மேலே ஏறி 10, 11, 12 ஆகிய மூன்று வீடுகளிலும் நேரில் சொல்லிவிட்டார். ஒன்பதாம் வீடு பூட்டியிருந்தது. அவர்கள் ஒரு கல்யாணத்துக்கு ஊருக்குப் போயிருந்தார்கள். கீழே இறங்கிவந்து, ‘மேலே சொல்லியாச்சு, இனி மற்றவர்களுக்கும் சொல்ல வேண்டும்’ என்ற நினைப்போடு அவர் பேனாவை எடுத்தார். அந்த ‘மற்றவர்களுக்கும்’தான் தாளில் ‘மற்ற வீடுகளும்’ ஆனது. எச்சவும்மையின் எச்சம் தாளில் இல்லை, மூன்றாம் மாடி வராந்தாவில் இருந்தது. அந்த வராந்தாவில் நிற்காதவருக்கு அது எப்படித் தெரியும்?

மூன்றாம் வாக்கியத்துக்கு வருமுன் ‘மட்டும்’ பற்றி. இது தமிழில் கொஞ்சம் ஒழுங்கான சொல். எந்தச் சொல்லின் வாலைப் பிடிக்கிறதோ அதையே கட்டும். ‘பாட்டிக்குக் காலையில் இரண்டு மாத்திரை கொடு’ என்ற வாக்கியத்தில் அதை நகர்த்திப் பார்க்கலாம். ‘பாட்டிக்கு மட்டும்’ என்றால் தாத்தாவுக்கு இல்லை. ‘காலையில் மட்டும்’ என்றால் ராத்திரி இல்லை. ‘இரண்டு மட்டும்’ என்றால் மூன்றாவது கூடாது. ‘மாத்திரை மட்டும்’ என்றால் டானிக் வேண்டாம். உட்காரும் இடத்தைப் பார்த்தே எதை விலக்குகிறது என்று சொல்லிவிடலாம். யாழ்ப்பாணத்துப் பேச்சில்தான் இந்த ஒழுங்கு கொஞ்சம் ஆடும். அங்கே ‘வரைக்கும்’ என்ற பொருளிலும் ‘மட்டும்’ புழங்குகிறது. ‘கடை வெள்ளி மட்டும் திறந்திருக்கும்’ என்று கேட்டால் வெள்ளிவரை என்று கொள்ள இடமுண்டு. ‘முழங்கால் மட்டும் தண்ணீர்’ என்று நாமும் சொல்கிறோம், அது அளவைத்தான் குறிக்கிறது.

ஒழுங்கான ‘மட்டும்’கூடத் தனக்கு முன்னால் நீளமான பட்டியல் வந்தால் தடுமாறும். ‘கைக்குழந்தை உள்ள வீடுகள், வயதானவர்கள் மட்டும்’ என்பதில் வால் எங்கே முடிகிறது என்பது தெரியும், தலை எங்கே தொடங்குகிறது என்பது தெரியாது. ‘கைக்குழந்தை உள்ள’ என்ற அடை வீடுகளோடு நிற்கிறதா, காற்புள்ளியைத் தாண்டி வயதானவர்கள் மேலும் ஏறுகிறதா? ஏறினால், கைக்குழந்தை உள்ள வயதானவர்கள் என்று ஒரு புதிய இனம் கிடைக்கிறது. அப்படி யாரும் அந்தக் குடியிருப்பில் இல்லை. இங்கே உலக நடப்பு நம்மைக் காப்பாற்றிவிட்டது. ‘வாடகைக்கு இருக்கும் முதியவர்கள், பெண்கள் மட்டும்’ என்று எழுதியிருந்தால் அது காப்பாற்றியிருக்காது. சொந்த வீட்டுப் பெண்கள் குடத்தோடு வரலாமா என்று மறுநாளே சண்டை வந்திருக்கும். அடையைப் பட்டியலின் கடைசிக்குக் கொண்டுபோய், ‘முதியவர்கள், பெண்கள் ஆகியோரில் வாடகைக்கு இருப்பவர்கள்’ என்று எழுதினால் சிக்கல் விடும். வாடகை முதியவர்களுக்கு மட்டுமென்றால் ‘பெண்கள் எல்லாரும், முதியவர்களில் வாடகைக்கு இருப்பவர்களும்’ என்று திருப்பிப் போட வேண்டும்.

‘இரண்டு குடம்’ யாருக்கு என்பதும் சொல்லப்படவில்லை. வீடுகளையும் ஆட்களையும் ஒரே பட்டியலில் கோத்ததால் வந்த வினை இது. ஆறாம் எண் வீட்டில் தாத்தா, பாட்டி என்று இரண்டு வயதானவர்கள். ஆளுக்கு இரண்டு என்று கணக்குப் போட்டு நான்கு குடம் பிடித்தார்கள். இரண்டாம் எண் வீட்டில் கைக்குழந்தையும் உண்டு, குழந்தையைப் பார்த்துக்கொள்ள வந்திருக்கும் பாட்டியும் உண்டு. வீட்டுக்கு இரண்டு, பாட்டிக்கு இரண்டு என்று அவர்களும் நான்கு. இலக்கணப்படி இரண்டு வீடும் குற்றமற்றவை.

சனிக்கிழமை மதியம் செக்ரட்டரி ஒரு காரியம் செய்தார். தாளில் 12 கட்டம் போட்டு, ஒவ்வொரு வாக்கியத்தையும் படித்து, ஒவ்வொரு கட்டத்தையும் பேர் சொல்லிக் கேட்டார். ‘ஒன்றாம் நம்பர் பிடிக்க வேண்டுமா? வேண்டும். ஒன்பதாம் நம்பர்?’ ஒன்பதில் பேனா நின்றது. பேனா நிற்கும் கட்டம்தான் பழுதுள்ள இடம். அடுத்த மாதத்துக்கான அறிவிப்பு அன்றே தயாரானது: “தொட்டி கழுவும் நாளில் 1 முதல் 12 வரை எந்த வீட்டுக்கும் தண்ணீர் வராது. பன்னிரண்டு வீட்டாரும் முந்தின நாளே பிடித்து வைக்கவும். கைக்குழந்தையோ 60 வயதுக்கு மேற்பட்டவரோ உள்ள வீட்டார் கீழ்க்குழாயில் எடுக்கலாம். எத்தனை பேர் இருந்தாலும் வீட்டுக்கு இரண்டு குடம்.” புதிய தாளில் ‘எல்லா’ இல்லை, ‘தவிர’ இல்லை, ‘மட்டும்’ இல்லை.

அந்தத் தாளை ஒட்ட ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றவர் வாட்ச்மேன். வயது 63, மாடிப்படிக்கு அடியிலுள்ள அறையில் தங்கியிருக்கிறார். அந்த அறைக்கு எண் கிடையாது. முழுவதையும் வாய்விட்டு ஒருமுறை படித்துவிட்டுக் கேட்டார்: “சார், இதுல நான் வீடா, வயசானவரா?”

செக்ரட்டரி ஏணியிலிருந்து இறங்கி, பதின்மூன்றாவது கட்டம் போட்டார்.