நைட்டி சும்மா நிற்காது

ஈரோட்டு ஜவுளி வட்டாரத்தில் நைட்டிப் படத்துக்கென்று ஓர் இலக்கணம் உண்டு. ஜன்னலோரம் ஒரு பெண் நிற்பாள். கையில் காப்பிக் கோப்பை இருக்கும், கோப்பையில் காப்பி இருக்காது. அவள் வெளியே பார்த்துச் சிரிப்பாள். வெளியே ஒரு பையன் வெயிலில் தெர்மோகோல் அட்டையைப் பிடித்தபடி முறைத்துக்கொண்டிருப்பான். தமிழ்நாட்டில் நைட்டி போட்டுக்கொண்டு இவ்வளவு நேரம் ஒரு வேலையும் செய்யாமல் நின்ற பெண் அநேகமாக அவள் ஒருத்திதான்.

நான் வேலை பார்க்கும் சிறிய நைட்டிக் கம்பெனியின் முதலாளிக்கு ஒருநாள் இந்த ஜன்னல் பெண் சலித்துவிட்டாள். "லைஃப்ஸ்டைல் ஷூட் பண்ணீரலாம்மா. நம்ம வீட்டுப் பொம்பளைங்க நிஜமா எப்படி உடுத்தறாங்களோ அப்படி இருக்கோணும்" என்றார். சற்று யோசித்து, "ஆனா ரிச்சா இருக்கோணும்" என்று சேர்த்துக்கொண்டார். போட்டோகிராபருக்கும் மாடலுக்கும் என்ன செய்ய வேண்டும் என்று எழுதித் தரும் பொறுப்பு எனக்கு.

"நிஜமா, ரிச்சா" என்று எழுதிக் கொடுத்தால் போட்டோகிராபர் ஜன்னலைத்தான் தேடுவார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. அழகு, இயல்பு, உற்சாகம் என்பதையெல்லாம் கேமராவுக்கு எதிரே நிறுத்திவைக்க முடியாது. வாளியைத் தூக்குவதைப் படமெடுக்கலாம். ஆகவே என் தாளில் பண்புச் சொல் ஒன்றும் இருக்கக்கூடாது, எல்லாம் வினைச்சொல்லாக இருக்க வேண்டும் என்று முடிவுசெய்தேன். அதற்கு முன்னால், இந்த நைட்டியைப் பற்றி நாம் சொல்ல விரும்புவது என்ன என்று முதலாளியிடமே கேட்டேன். அரைமணி நேரம் பேசினார். வடிகட்டியதில் மூன்று விஷயம் தேறியது. பக்கவாட்டுப் பாக்கெட்டில் போனை வைத்தால் நைட்டி ஒரு பக்கமாக இழுக்காது. கையைத் தூக்கினால் அக்குள் பிடிக்காது. படியேறும்போது விளிம்பு காலில் சிக்காது. ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை, ஒவ்வொரு வேலைக்கும் ஒரு படம் என்று எழுதினேன்.

கை தூக்கும் படத்தை எடுத்துக்கொள்வோம். "மொட்டைமாடியில் துணி காயப்போடும் பெண்" என்று மட்டும் எழுதியிருந்தால், மாடல் கொடியைத் தொட்டுக்கொண்டு கேமராவைப் பார்த்துச் சிரித்திருப்பார். நான் எழுதியது இது: கொடி அவர் தலைக்கு ஒரு சாண் மேலே இருக்க வேண்டும். துணி உண்மையிலேயே ஈரமாக இருக்க வேண்டும். உதறி, போட்டு, கிளிப் மாட்டும் வரை முழு வேலையையும் செய்ய வேண்டும். போட்டோகிராபர் பக்கவாட்டில் நின்று, அக்குள் தையல் தெரிகிற மாதிரி எடுக்க வேண்டும். இரண்டு கையும் மேலே இருக்கிற நொடியில் தோள்பட்டையிலிருந்து இடுப்பு வரை துணி சுருண்டு ஏறாமல் இருப்பதுதான் நாம் விற்கிற சரக்கு. முகம் கொடியில் தொங்கும் துண்டுக்குப் பின்னால் போனாலும் பரவாயில்லை.

ஈரத்துணி என்று எழுதியதற்குக் காரணம் உண்டு. காலி வாளியைத் தூக்கும் தோளும் ஈரத்துணி நிறைந்த வாளியைத் தூக்கும் தோளும் ஒன்றல்ல. கனம் இருந்தால் ஒரு தோள் இறங்கும், இடுப்பு எதிர்ப்பக்கம் ஒடியும், நைட்டியில் குறுக்கே மடிப்பு விழும். எவ்வளவு கெட்டிக்கார மாடலானாலும் இந்தக் கனத்தை நடித்துக் காட்டுவது சிரமம். பார்க்கிற பெண்கள் தினமும் வாளி தூக்குகிறவர்கள், ஒரு நொடியில் கண்டுபிடித்துவிடுவார்கள். பாக்கெட்டுக்கும் அதே நியாயம்தான். உள்ளே டிஷ்யூ காகிதத்தைச் சுருட்டி வைக்கக்கூடாது, போனும் சாவிக்கொத்தும்தான் இருக்க வேண்டும்.

மாடலாக வந்த பெண் ஜவுளிக் கேட்டலாக்குகளில் அனுபவம் உள்ளவர். முந்தின வாரமே தாளை அனுப்பியிருந்தேன். போனில் கூப்பிட்டு, "அக்கா, போஸ் எதுவுமே எழுதலையே?" என்றார். "இல்லம்மா, வேலைதான் எழுதியிருக்கேன்" என்றேன். "அப்ப அதே சம்பளத்துக்குத் துணியும் துவைச்சுக் கொடுக்கணுமா?" என்றார். அவரிடம் வேறு சில சங்கதிகளையும் முன்கூட்டியே பேசவேண்டியிருந்தது. நைட்டி வீட்டுக்குள் உடுத்துகிற உடை. குனிந்து கோலம் போடும் காட்சி உண்டா, எந்தப் பக்கமிருந்து எடுப்பார்கள், உடை மாற்ற எந்த அறை, கூட ஒரு பெண் இருப்பாரா என்பதெல்லாம் படப்பிடிப்பு அன்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயமில்லை. முன்பக்கமிருந்து குனியும் கோணமே கிடையாது, எடுத்த படங்களை அவரும் பார்க்கலாம், வேண்டாம் என்பதை அழிக்கலாம் என்று எழுதிக் கொடுத்தோம். பேக்கிங் அட்டையிலும் இணையக் கடையிலும் எத்தனை வருஷம் பயன்படுத்துவோம் என்பதும் அதில் இருந்தது. பெங்களூர் பஸ் ஸ்டாண்டில் பத்தடி உயரத்துக்குத் தன்னைத் தானே சந்திக்கும் அதிர்ச்சி யாருக்கும் வரக்கூடாது.

சைஸ் விஷயமும் இருந்தது. மாடல் ஒல்லி. கைவசம் இருந்த சாம்பிளோ எக்ஸ்எல். வழக்கமாக இதற்கு முதுகுப்பக்கம் கிளிப் போட்டு இறுக்கிவிடுவார்கள். முன்னால் பார்த்தால் அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கும். ஆனால் கிளிப் போட்ட நைட்டியில் கையைத் தூக்க முடியாது, திரும்ப முடியாது. வேலை செய்கிற படத்தில் கிளிப்புக்கு வேலையில்லை என்பதால் அவர் அளவுக்கே சாம்பிள் தைக்கச் சொன்னேன். தைத்ததை ஒருமுறை துவைக்கவும் சொன்னேன். புதுத்துணியில் ஃபினிஷிங் விறைப்பு இருக்கும். மடித்த கோடுகள் நெஞ்சில் சிலுவை போட்ட மாதிரி நிற்கும். ஒருமுறை தண்ணீர் பட்டால்தான் பருத்தி உடம்போடு விழும். முதலாளிக்கு இது நெஞ்சுவலி. "புதுசைத் துவைச்சு பழசாக்கி போட்டோ எடுக்கறதா?" என்று நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தார்.

போட்டோகிராபர் தம்பி அடிப்படையில் கல்யாணக்காரர். அவரிடம் ஒரு 85 எம்எம் லென்ஸ் உண்டு. அதை 1.8-இல் திறந்துவைத்துத்தான் அவர் உலகத்தையே பார்ப்பார். கிட்டே போய் எடுத்தால் கண்ணிமை கூர்மையாக இருக்கும், காது மங்கிவிடும், பின்னால் நிற்கும் சித்தப்பா வண்ண வட்டமாகிவிடுவார். கல்யாணத்துக்கு அது சரி. நமக்குக் கண்ணிமை விற்பனைக்கில்லை. பாக்கெட்டும் தெரிய வேண்டும், அதற்குப் பின்னால் இது சமையலறை என்பதும் தெரிய வேண்டும். "50 எம்எம் போட்டு 5.6 வைங்க தம்பி, கேமராவை இடுப்பு உயரத்துக்கு இறக்குங்க" என்றேன். கண் உயரத்திலிருந்து கீழே பார்த்து எடுத்தால் கால் குறுகி, நைட்டி நீளமே தெரியாது. "அக்கா, பேக்ரவுண்டு பிளர் ஆகாதே" என்றார், சொத்து பறிபோகிற குரலில்.

அடுத்த சண்டை வெயிலோடு. சாயங்கால வெயிலை மாடலுக்குப் பின்னால் வைத்து, தலைமுடியில் தங்கக்கோடு விழவைப்பது தம்பியின் கைராசி. மெல்லிய பருத்தி நைட்டிக்குப் பின்னால் வெயிலை வைத்தால் தங்கக்கோடு மட்டுமா தெரியும்? முழு உருவப் படத்தில் பின்வெளிச்சம் கூடாது என்று தாளில் அடிக்கோடிட்டிருந்தேன். உள்பாவாடையும் உண்டு. நம் ஊர்ப் பெண்கள் நைட்டிக்குள் அதைக் கட்டத்தான் செய்கிறார்கள். வெளிச்சம் பக்கவாட்டில் வரட்டும், அப்போதுதான் நெசவும் தெரியும் என்று முடித்தேன். சமையலறையில் டியூப்லைட்டை அணைக்கச் சொன்னேன். ஜன்னல் வெளிச்சமும் டியூப்லைட்டும் கலந்தால் பாதி நைட்டி ஒரு நிறம், மீதி நைட்டி இன்னொரு நிறமாகிவிடும். மெரூன் கேட்டால் பிரவுன் வந்தது என்று திருப்பி அனுப்புகிறவர்களுக்குப் பதில் சொல்வது போட்டோகிராபர் அல்ல, நான். ஒவ்வொரு இடத்திலும் முதல் படத்தில் சாம்பல் அட்டையைப் பிடித்து எடுத்துக்கொண்டால் பிறகு நிறத்தைச் சரிசெய்ய ஒரு பிடி இருக்கும்.

படப்பிடிப்பு அன்று பெரிய வழக்கு துண்டினால் வந்தது. வாசலில் தள்ளுவண்டியில் கீரை வாங்கும் காட்சி. நைட்டியோடு வாசலுக்கு வரும் பெண் தோளில் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டுதான் வருவாள் என்று தாளில் எழுதியிருந்தேன். முதலாளி பதறிவிட்டார். "கழுத்து எம்பிராய்டரிக்கு மட்டும் பீஸுக்குத் தனியாக் கூலி கொடுத்திருக்கேன். அதுமேல துண்டைப் போட்டு மூடறதா?" தம்பியும் அவர் கட்சி சேர்ந்தார். துண்டை எடுத்துவிட்டார்கள். மாடல் வாசலில் கால் வைத்ததும் எதிர்வீட்டுத் திண்ணையிலிருந்து ஒரு பாட்டி, "ஏங்கண்ணு, துண்டு போடாமயா தெருவுக்கு வர்றது?" என்றார். மாடல் என்னைப் பார்த்தார். நான் முதலாளியைப் பார்த்தேன். முதலாளி கீரையைப் பார்த்தார்.

கடைசியில் வெறும் வெள்ளைத் துண்டு ஒன்றை ஒரு தோளில் மட்டும் தொங்கவிட்டோம். கழுத்து வேலைப்பாட்டில் பாதி தெரிந்தது. மீதிப் பாதியைக் காட்ட மொட்டைமாடிப் படம் இருந்தது. ஒரே படம் எல்லாவற்றையும் காட்ட வேண்டும் என்று நினைத்தால்தான் திரும்பவும் ஜன்னலோரம் போய் நிற்க வேண்டிவரும்.

"லைட்டா ஸ்மைல்" என்ற வாக்கியம் தம்பியின் வாயில் தானாக வரும். வண்டிக்காரரிடம் மீதிச் சில்லறையை நிஜமாகவே எண்ணி வாங்குங்கள் என்று மாடலிடம் நான் சொன்னேன். வண்டிக்காரர் ஐந்து ரூபாய் குறைவாகக் கொடுத்துவிட்டார். அந்த முகத்தை எந்த நடிப்புப் பள்ளியிலும் சொல்லிக்கொடுக்க முடியாது. ஒரு கை சில்லறையில், மறு கை பாக்கெட்டுக்குள் போகிறது, நைட்டி நேராக விழுகிறது. அன்றைய நல்ல படம் அதுதான்.

படங்களைத் தேர்ந்தெடுக்கும்போது திரையில் மாடலின் முகத்தைக் கட்டைவிரலால் மறைத்துவிட்டு, "இந்த நைட்டி என்ன செய்யுது?" என்று கேட்டேன். பதில் வராத படங்களை ஒதுக்கினோம். படியேறும் காட்சியில் பாதிக்குமேல் போய்விட்டது. விளிம்பை மாடல் பழக்கதோஷத்தில் கையால் தூக்கிப் பிடித்திருந்தார். காலில் சிக்காத நைட்டியை யாராவது தூக்கிப் பிடிப்பார்களா? முதலாளி மட்டும் ஓய்வு நேரத்தில் மாடல் டீ குடித்துக்கொண்டிருந்த ஒரு படத்தைக் காட்டி, "இதான்மா ரிச்" என்றார். ஜன்னல்கூடப் பின்னால் இருந்தது.

மொட்டைமாடிப் படத்தை முதலில் வெளியிட்டோம். அதிலிருந்த ஊதா நிற வாளி, வீட்டிலிருந்த பழைய வாளி ரிச்சாக இல்லை என்று முதலாளி கடைக்குப் போய் வாங்கிவந்தது. முதல் விசாரணை மதுரையிலிருந்து வந்தது. முதலாளியே போனை ஸ்பீக்கரில் போட்டார். ஒரு அம்மா, "படத்துல பார்த்தேங்க, ரொம்ப நல்லாயிருக்கு, உறுதியாவும் தெரியுது" என்று ஆரம்பித்தார். முதலாளி என்னைப் பெருமையாகப் பார்த்தார். "அந்த வாளி மூடியோட வருமாங்க?" என்று அந்த அம்மா கேட்டார்.