பிடித்த வரி யாருடையது?

கேள்வி: என் கிடங்கை ஒரு கம்பெனிக்கு மாதம் ரூ.60,000 வாடகைக்கு விட்டிருக்கிறேன். டிடிஎஸ் பிடித்து ரூ.54,000 தருகிறார்கள். வருமான வரித் தளத்தின் 26AS படிவத்தில் ஒன்பது மாதப் பிடித்தம்தான் தெரிகிறது. மீதி ரூ.18,000 போனதா?

– வாசகர், விளாங்குடி, மதுரை

பதில்: போகவில்லை, வழியில் எங்கோ நிற்கிறது! மாதம் பிடித்த ரூ.6,000, கம்பெனியின் கணக்கில் அரசுக்குத் தர வேண்டிய கடன். உங்கள் கணக்கில் முன்கூட்டியே கட்டிய வரி. அதனால் கைக்கு வந்தது ரூ.54,000 என்றாலும், வருமானமாக ரூ.60,000 காட்டுங்கள்.

பிடித்ததை அடுத்த மாதம் 7-ம் தேதிக்குள் கட்ட வேண்டும். மார்ச் மாதத்துக்கு மட்டும் ஏப்ரல் 30 வரை அவகாசம். தாமதித்தால் மாதம் 1.5% வட்டி கட்ட வேண்டியது கம்பெனிதான்.

பணத்தைக் கட்டியும் உங்கள் பான் எண்ணைத் தவறாகக் குறித்திருக்கலாம். விடுபட்ட மாதங்கள் வரும் காலாண்டுக்கான 16A சான்றிதழைக் கேளுங்கள். பிழை எண்ணில்தான் என்றால், கம்பெனி திருத்தப் படிவம் தாக்கல் செய்ததும் தொகை 26AS-ல் வந்துவிடும்.

கட்டவே இல்லையென்றால்? 1961-ம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 205-வது பிரிவு உங்கள் பக்கம்: பிடித்த அளவுக்கு வரியை உங்களிடம் மறுபடி கேட்கக் கூடாது. அப்படிக் கேட்டு வசூலிக்க வேண்டாம் என்று நேரடி வரிகள் வாரியமும் 2015-ல் அதிகாரிகளுக்கு அறிவுறுத்தியது. ஆனாலும் கணினி 26AS-ஐப் பார்த்து நோட்டீஸ் அனுப்பும். வாடகை ஒப்பந்தமும், ரூ.54,000 வரவான வங்கிக் கணக்குப் பட்டியலும் உங்கள் சாட்சிகள். பத்திரமாக வையுங்கள்.