கை எப்போது காலி?

திருச்சி தில்லைநகர் பக்கம் பியூட்டி பார்லர் வைத்திருக்கும் அக்கா ஒருவர், தன் வெப்சைட்டில் "ஒரு சின்ன புக்கிங் பட்டன்" போட்டுத் தரச் சொன்னார். பட்டன் சின்னதுதான். அதை அமுக்கினால் பின்னால் என்ன நடக்க வேண்டும் என்று கேட்டபோது ஒரு நீல அட்டை நோட்டை எடுத்து வைத்தார். அதில் 'சனி, 11, கலர், டீச்சர்' என்று எழுதியிருந்தது. எந்த டீச்சர், யார் கலர் போடுவது, எப்போது முடியும் என்பதெல்லாம் அக்காவின் தலைக்குள் இருந்தன. அந்தத் தலையை அப்படியே சர்வரில் ஏற்ற வழியில்லை. அதனால் ஒவ்வொன்றாகக் கேட்டு எழுத உட்கார்ந்தேன்.

"ஹேர் கட்டுக்கு எவ்வளவு நேரம்க்கா?"

"ஆளைப் பொறுத்து."

"வர்றவங்க முடியைப் பொறுத்தா?"

"இல்ல தம்பி, வெட்டுற ஆளைப் பொறுத்து."

சீனியருக்கு அரை மணி, புதிதாகச் சேர்ந்த பெண்ணுக்கு முக்கால் மணி. ஐப்ரோ என்றால் சீனியருக்கு 10 நிமிடம், புதியவருக்கு 20. நூலைப் பல்லில் கடித்துச் சரிபார்த்துக்கொள்வதற்குள்ளேயே அவருக்குப் பாதி நேரம் போய்விடும். ஆகவே 'ஐப்ரோ = 10 நிமிடம்' என்று ஒரே வரியாக எழுத முடியாது. வேலை, ஆள், நிமிடம் மூன்றும் சேர்ந்ததுதான் ஒரு வரி. இதில் இன்னொரு வசதியும் உண்டு. மணப்பெண் அலங்காரத்துக்கு எதிரே புதியவர் பெயரில் வரியே இல்லையென்றால், அந்த வேலையை அவரிடம் கொடுக்கக் கூடாது என்று பொருள். யாரும் வாய்விட்டுச் சொல்லி அவர் மனதை நோகடிக்க வேண்டியதில்லை.

அடுத்தது ஹேர் கலர். "ஒன்றரை மணி நேரம், கொஞ்சம் கூடவும் ஆகும்" என்றார் அக்கா. 11 மணிக்கு ஆரம்பித்தால் 12:35 வரை சீனியர் பிஸி என்று போட்டேன். அக்கா என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "கலர் ஊறுற நேரத்துல அவ சும்மாவா நிப்பா? அப்ப ரெண்டு ஐப்ரோ பாத்துருவாளே!"

அங்கேதான் விஷயம் இருக்கிறது. அரிசியை ஊறப்போட்டுவிட்டு யாரும் பாத்திரத்துக்கு எதிரிலேயே உட்கார்ந்திருப்பதில்லை. வாடிக்கையாளருக்கு 95 நிமிடம் ஆகலாம். சீனியரின் கைக்கு அதில் வேலை 60 நிமிடம்தான். பார்லர் புக்கிங்கில் மணியை விற்பதாக நினைக்கிறோம். உண்மையில் விற்பது கையை. ஆகவே கலரைத் துண்டு போட்டோம். 11:00 முதல் 11:30 வரை தடவுவது, அதற்குக் கையும் நாற்காலியும் வேண்டும். 11:30 முதல் 12:05 வரை ஊறுவது, அதற்கு நாற்காலி மட்டும் போதும். 12:05 முதல் 12:15 வரை அலசுவது, அதற்குக் கையும் பேசினும். பிறகு 12:35 வரை ப்ளோ டிரை, மறுபடி கையும் நாற்காலியும்.

இப்போது 11:45-க்கு ஐப்ரோ கேட்டு ஒருவர் வந்தால், பக்கத்து நாற்காலி காலியாக இருந்தால் போதும். 11:55-க்கு முடித்து அனுப்பிவிடலாம். அரை மணி ஹேர் கட்டை 11:30-க்கு வைத்தாலும் கணக்குப்படி 12 மணிக்கு முடியும்தான். ஆனால் நடுவில் அந்த அம்மா "முன்னாடி இன்னும் கொஞ்சம் குறைங்க" என்று ஆரம்பித்தால் கலர் அங்கே அளவுக்கு மீறி ஊறிக்கொண்டிருக்கும். பிரவுன் கேட்டவர் கறுப்பாக எழுந்து போவார். அதனால் ஊறும் நேரத்தில் கடைசிப் பத்து நிமிடத்துக்கு எதையும் வைக்காதே என்று ஒரு விதி.

இரண்டு வேலைகள் மோதுகின்றனவா என்று கண்டுபிடிப்பதற்கு, இத்தனை பேச்சுக்கும் சேர்த்து, ஒரே ஒரு வரிதான்:

```
a.start < b.end && b.start < a.end
```

இதில் `<` என்பதற்குப் பதில் `<=` போட்டால், 11:30-க்கு ஒருவர் எழுந்து அதே 11:30-க்கு இன்னொருவர் உட்காருவதையும் மோதல் என்று சொல்லிவிடும். நாள் முழுக்க ஸ்லாட் குறையும். நோட்டு வைத்திருந்தபோது வந்த கூட்டம் கம்ப்யூட்டர் வந்ததும் எங்கே போனது என்று அக்கா சோசியரிடம் கேட்பார்.

புக்கிங்கைத் திறப்பதற்கு முன் ஒரு சனிக்கிழமையைக் காகிதத்திலேயே நடத்திப் பார்த்தோம். 11 மணிக்கு சீனியரிடம் ஒரு கலர், புதியவரிடம் ஒரு கலர். கை இரண்டு, நாற்காலி இரண்டு, எல்லாம் சரி. அக்கா விரலை 12:05-க்கு நகர்த்தினார். "ரெண்டு பேரும் எங்க அலசுவாங்க?" பார்லரில் பேசின் ஒன்றுதான். அந்த நேரத்தில் தலை நிறையக் கலருடன் இரண்டு பேர் "நீங்க முதல்ல போங்க" என்று மரியாதை காட்டிக்கொண்டிருக்க மாட்டார்கள். எனவே ஆள், நாற்காலி, பேசின் மூன்றையும் ஒரே பட்டியலில் சேர்த்து, மூன்றுக்கும் ஒரே சட்டம் வைத்தோம். இரண்டாவது கலருக்கு இனி 11 மணி காட்டாது, 11:15 காட்டும். அவர் அலச வருவதற்குள் முதலாமவர் பேசினை விட்டு எழுந்திருப்பார்.

ஒரே ஸ்லாட்டை இரண்டு பேர் ஒரே நேரத்தில் அமுக்கினால்? இருவர் போனிலும் அது காலி என்றுதான் தெரியும். திரை சொல்வதை நம்ப முடியாது; எழுதும் இடத்திலேயே காவல் போட வேண்டும். PostgreSQL-இல் அதற்கென்றே ஒரு பூட்டு உண்டு:

```sql
CREATE EXTENSION btree_gist;
ALTER TABLE blocks ADD EXCLUDE USING gist
  (resource_id WITH =, during WITH &&);
```

ஒரே ஆள் அல்லது ஒரே பேசின், ஒன்றின்மேல் ஒன்று விழும் நேரம் என்றால் இரண்டாவது வரியை உள்ளே விடாது. பின்னால் வந்தவருக்கு `23P01` என்ற பிழை கிளம்பும். அதை அப்படியே காட்டினால் பயந்துபோவார் என்று 'இப்போதுதான் போச்சு, அடுத்த நேரம் பாருங்க' என்று மாற்றி வைத்தோம்.

ஸ்டாஃப் எப்போது இருப்பார்கள் என்பது தனிக் கதை. செவ்வாய் வார விடுமுறை, அது சுலபம். "சாப்பாடு எப்ப?" என்றால் "கூட்டம் இல்லாதப்ப" என்றார்கள். ஒரு மணிக்கு என்று அடைத்தால் அந்த ஸ்லாட் வீணாகும், அடைக்காவிட்டால் பட்டினி. அதனால் 12:30 முதல் 3 மணிக்குள் எங்கேயாவது தொடர்ச்சியாக அரை மணி மிஞ்சுகிறதா என்று ஒவ்வொரு புக்கிங்குக்கு முன்னும் நிரல் பார்க்கிறது. மிஞ்சாவிட்டால் அந்த ஸ்லாட்டைக் காட்டாது. காலை ஒன்பது மணிக்கு "அக்கா, பாட்டிக்கு முடியல" என்று போன் வந்தால், அன்றைய லீவும் அதே பட்டியலில் ஒரு வரிதான். ஏற்கெனவே புக் ஆனவர்களை என்ன செய்வது என்பதை மட்டும் நிரல் தீர்மானிக்கக் கூடாது. யார் கோபித்துக்கொள்வார், யார் சிரித்துக்கொண்டே சாயங்காலம் வருவார் என்பது அக்காவுக்குத்தான் தெரியும். அவர்கள் பெயரைச் சிவப்பில் காட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது.

எல்லாம் முடிந்து காட்டியதும் அக்கா குரலைத் தாழ்த்தினார். "தம்பி, திடீர்னு நமக்கு வேண்டியவங்க யாராவது வந்து நிப்பாங்க. இடமில்லன்னு சொல்ல முடியாது." அதற்கும் பட்டியலில் ஒரு வரி போதும். தினமும் மாலை ஐந்து மணிக்கு, சீனியரிடம், அரை மணி, பெயர்: 'வேண்டியவங்க'. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அந்த நேரம் எப்போதும் நிரம்பியே இருக்கும். நாலரை மணி வரை யாரும் வராவிட்டால் தானாகத் திறந்துகொள்ளும்.

புதியவருக்கு இந்த ஏற்பாடு தெரியாது. இந்த வேண்டியவங்க யார், தினமும் புக் பண்ணிவிட்டுப் பாதி நாள் வராமலே போகிறார், அட்வான்ஸ் வாங்கக் கூடாதா என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.