கைரேகை சொன்ன செய்தி

கேள்வி: மூத்த தலைவர் ஒருவர் தீவிர சிகிச்சையில் இருக்கும்போது அவரது நோயைப் பற்றி எழுதுவது அத்துமீறல் இல்லையா? (வாசகர், கும்பகோணம்)

பதில்: படுக்கை அவருடையது, நாற்காலி நம்முடையது. 2016 செப்டம்பர் 22 அன்று முதல்வர் ஜெயலலிதா அப்போலோவில் சேர்க்கப்பட்டார். காய்ச்சல், நீர்ச்சத்துக் குறைவு என்றது முதல் அறிக்கை. இரண்டு வாரம் கழித்து வந்த அறிக்கையிலோ சுவாச உதவி எட்டிப் பார்த்தது. அக்டோபர் 11 அன்று அவரது இலாகாக்கள் ஓ. பன்னீர்செல்வத்துக்குப் போயின. அதே மாதம் இடைத்தேர்தல் வேட்பாளர் படிவத்தில் கையெழுத்துக்குப் பதில் பெருவிரல் ரேகை, பக்கத்தில் மருத்துவரின் சான்று!

அந்த ரேகைதான் செய்தி. அவரால் கையெழுத்துப் போட முடிகிறதா, கோப்புகள் யாரிடம் போகின்றன, எத்தனை நாளைக்கு என்று நிருபர் கேட்டே ஆகவேண்டும். வார்டுக்குள் திருட்டுத்தனமாக எடுத்த படமும் ஸ்கேன் அறிக்கையும் நமக்கு எதற்கு? வாசலில் கேட்ட வதந்தி அதைவிட ஆபத்து. டிசம்பர் 5 மாலை சில சேனல்கள் அவர் இறந்துவிட்டதாக அறிவித்தன. கட்சி அலுவலகக் கொடி அரைக்கம்பத்துக்கு இறங்கி, மருத்துவமனை மறுத்ததும் மறுபடி ஏறியது. மருத்துவமனை அறிவித்த மரண நேரம், அன்றிரவு 11.30.